போன் ஹேங் ஆவதற்கு நாம் இறக்கிய செயலிதான் காரணமா? சேஃப் மோடில் கண்டறிவது பற்றிய கேள்விகள்

கோத்தகிரி கடைவீதியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஹேங் ஆகிறது என்று போனைக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர், "எல்லாவற்றையும் அழித்து ரீசெட் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் போன் அன்றைக்குப் புதிது போல ஓடும். ஆனால் வீட்டுக்குப் போய்ப் பழைய செயலிகளையெல்லாம் மறுபடி இறக்கிய மூன்றாம் நாள், பழைய ஹேங்கும் கூடவே திரும்பி வந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அழித்ததுதான் அதற்குக் காரணம். எதையும் அழிக்காமல், காசு செலவில்லாமல், வீட்டிலேயே காரணத்தைப் பிரித்துப் பார்க்க ஆண்ட்ராய்டு போனில் சேஃப் மோட் என்று ஒரு வழி உண்டு. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சேஃப் மோட் என்றால் என்ன? அதில் போட்டால் போனுக்குள் என்ன நடக்கிறது?

போன் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அதில் சில செயலிகள் இருக்கின்றன. அழைப்பு, குறுஞ்செய்தி, கேமரா, கடிகாரம் போன்றவை அந்த வகை. நாம் பிற்பாடு இறக்கிச் சேர்த்தவை இன்னொரு வகை. சேஃப் மோடில் போனை இயக்கும்போது, முதல் வகை மட்டும் ஓடும். இரண்டாம் வகையில் ஒன்றுகூடத் தொடங்காது. திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவையும் இதற்கு விதிவிலக்கு அல்ல.

ஆகவே இது ஒரு சிகிச்சை அல்ல, ஓர் ஒப்பீடு. வழக்கமான நிலையில் ஹேங் ஆகும் போன் சேஃப் மோடில் ஹேங் ஆகாவிட்டால், நாம் இறக்கிய ஏதோ ஒன்றின் மேல் சந்தேகம் விழுகிறது. சேஃப் மோடிலும் அப்படியே ஹேங் ஆனால், காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். இந்த ஒப்பீடு நம்பத்தக்கதாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு நிலைகளுக்கும் நடுவே செயலிகளைத் தவிர வேறெதுவும் மாறியிருக்கக் கூடாது. மலையில் இருக்கும் நமக்குக் குளிரும், சிக்னலும், ஈரமும் வேளைக்கு வேளை மாறுவதால், இந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது சற்றுக் கடினம். கீழே வரும் பல பதில்கள் அதைப் பற்றியவைதான்.

என் போன் ஹேங் ஆகிறதா, டச் வேலை செய்யவில்லையா என்று எப்படித் தெரியும்?

திரை அசையாமல் நின்றதும் பக்கவாட்டில் இருக்கும் ஒலி பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒலி அளவைக் காட்டும் பட்டை உடனே திரையில் வந்தால் போன் உள்ளே நன்றாகத்தான் ஓடுகிறது. உங்கள் விரலைத்தான் அது உணரவில்லை. பட்டையும் வராமல், பவர் பட்டனை அழுத்தினால் திரையும் அணையாமல் இருந்தால் அதுதான் உண்மையான ஹேங்.

மழைக்காலத்தில் இந்தச் சோதனை மிக முக்கியம். பனியில் நடந்துவிட்டு வெந்நீர் அடுப்பு எரியும் சமையலறைக்குள் நுழைந்ததும் குளிர்ந்த கண்ணாடியின் மேல் மெல்லிய ஈரம் படியும். அந்த ஈரத்தை விரலென்று எண்ணி டச் குழம்பிப்போகும். துணியால் துடைத்ததும் சரியாகிவிடுகிற போனுக்குச் சேஃப் மோட் தேவையில்லை.

சேஃப் மோடில் போட்டால் போட்டோ, காண்டாக்ட், வாட்ஸாப் செய்திகள் அழிந்துவிடுமா?

அழியாது. இறக்கிய செயலிகளும் அவற்றில் உள்ள தகவல்களும் போனிலேயே இருக்கும். வழக்கமான நிலைக்குத் திரும்பியதும் முன்பு போலவே திறக்கும். நீங்கள் சேஃப் மோடில் இருக்கும்போது வரும் வாட்ஸாப் செய்திகள், வெளியே வந்ததும் மொத்தமாக வந்து சேரும்.

முகப்புத் திரையில் வைத்திருக்கும் விட்ஜெட்டுகள் மட்டும் சில போன்களில் கலைந்துவிடும். வானிலை, காலண்டர் போன்றவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பவர்கள், தொடங்கும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டால் பிறகு அதைப் பார்த்து மறுபடி வைத்துவிடலாம்.

சோதனை நேரத்தில் சில வசதிகள் இருக்காது என்பதையும் முன்கூட்டியே நினைவில் கொள்ளுங்கள். பணம் அனுப்பும் செயலிகள் திறக்காது. ஆகவே மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்து ஏறுகிற நாளிலோ, சந்தைக்குப் போகிற நாளிலோ இதை வைத்துக்கொள்ளாதீர்கள். இறக்கிய அலாரம் அடிக்காது. போனோடு வந்த கடிகாரத்தின் அலாரம் அடிக்கும். தமிழ் எழுதத் தனியாக விசைப்பலகை இறக்கியிருந்தால் அதுவும் மறைந்து, போனோடு வந்த விசைப்பலகை வரும்.

சேஃப் மோடில் எப்படிப் போடுவது?

பெரும்பாலான போன்களில் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் அணைப்பதற்கான பட்டியல் திரையில் வரும். சில புதிய போன்களில் பவர் பட்டனை மட்டும் பிடித்தால் குரல் உதவியாளர் வந்து நிற்கும். அவற்றில் பவரோடு ஒலியைக் கூட்டும் பட்டனையும், சாம்சங்கில் பவரோடு ஒலியைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பட்டியலில் "Power off" என்பதைத் தட்டாமல், விரலை எடுக்காமல் அதன் மேலேயே அழுத்தி வைத்திருங்கள். தட்டினால் போன் அணைந்துவிடும். அழுத்தி வைத்திருந்தால்தான் "Safe mode" என்ற எழுத்து வரும். சில போன்களில் "Restart" என்பதை அழுத்திப் பிடித்தாலும் இது வரும். அதற்குச் சம்மதம் கொடுத்ததும் போன் தானாக அணைந்து மறுபடி தொடங்கும்.

இந்த வழி எல்லா நிறுவனப் போன்களிலும் கிடையாது. ரெட்மி போன்ற போன்களில் முதலில் போனை முழுவதுமாக அணைத்துவிட்டுப் பிறகு வழக்கம் போல இயக்குங்கள். நிறுவனத்தின் லோகோ திரையில் தோன்றியதும் பவர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒலியைக் குறைக்கும் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்து, பூட்டுத் திரை வரும் வரை விடாமல் வைத்திருங்கள். சாம்சங்கிலும் இந்த வழி செல்லும்.

வெற்றியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதற்கு அடையாளம் திரையின் கீழ்ப்பகுதி மூலையில் "Safe mode" என்று நிலையாக இருக்கும் எழுத்து. அது இல்லாவிட்டால் நீங்கள் வழக்கமான நிலையில்தான் இருக்கிறீர்கள். அந்த எழுத்தைப் பார்க்காமலேயே ஒரு நாள் முழுக்கச் சோதனை செய்துவிட்டு, "சேஃப் மோடிலும் ஹேங் ஆகிறது" என்று வந்தவர்கள் பலர்.

லோகோ வந்தபோது பட்டனை அழுத்தினேன். வேறு ஏதோ திரை வந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் எதையும் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். பவர் பட்டனை விடுவதற்கு முன்பே ஒலி பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டால், போன் வேறு வாசலுக்குப் போய்விடும். "FASTBOOT" என்று பெரிதாக எழுதிய திரையோ, கறுப்புத் திரையில் ஆங்கிலப் பட்டியலோ வருவது இதனால்தான். அந்தப் பட்டியலில் "Wipe data/factory reset" என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்தால் போனில் உள்ள அனைத்தும் போய்விடும். சேஃப் மோடுக்கும் அந்த வரிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பட்டியல் இருந்தால் "Reboot system now" என்ற வரியிலேயே பவர் பட்டனை அழுத்துங்கள். பட்டியல் இல்லாவிட்டால் பவர் பட்டனை அரை நிமிடம் வரை அழுத்திப் பிடித்தால் போன் வழக்கம் போலத் தொடங்கிவிடும். பிறகு, லோகோ வந்ததும் பவரை விடுவது, விட்ட பின்பே ஒலி பட்டனைப் பிடிப்பது என்ற வரிசையை மாற்றாமல் மறுபடி செய்து பாருங்கள்.

சேஃப் மோடில் போட்டாயிற்று. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? என்ன செய்து பார்க்க வேண்டும்?

எவ்வளவு நேரம் என்பது உங்கள் போன் எத்தனை முறை ஹேங் ஆகிறது என்பதைப் பொறுத்தது. அதற்காகவே சேஃப் மோடுக்குப் போகும் முன் ஒரு நாள் வழக்கமான நிலையில் கணக்கெடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எத்தனை விநாடி நின்றது என்று ஒரு தாளில் குறித்தால் போதும். மணிக்கு ஒருமுறை ஹேங் ஆகும் போனுக்கு அரை நாள் சேஃப் மோட் போதுமானது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஹேங் ஆகும் போனை ஒரு மாலைப்பொழுது மட்டும் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்வது வெறும் யூகம். அதற்கு நான்கைந்து நாளாவது வேண்டும். அவ்வளவு நாள் வாட்ஸாப் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சிக்னல். பல போன்களில் சேஃப் மோடுக்குள் நுழைந்ததும் விமானப் பயன்முறை தானாகவே இயங்கிவிடும். மேலே விமானப் படம் தெரியும். அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டார் அழைத்தாலும் கிடைக்க மாட்டீர்கள். மழை கொட்டி மண்சரிவு நேரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் போனை அப்படி வைத்திருப்பது ஆபத்தானது. சோதனைக்கும் அது கேடுதான். சிக்னல் இல்லாத போன் இணையத்தோடு எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதால் ஹேங் ஆகாமல் இருந்திருக்கலாம். அப்போது காரணம் செயலியா, சிக்னலா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. வழக்கமான நாளில் டேட்டாவும் வைஃபையும் எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே சேஃப் மோடிலும் வைத்திருங்கள்.

என்ன செய்து பார்ப்பது என்றால், ஹேங் வரும் அதே செயலைத்தான். அழைக்கும்போது நிற்கிறதா? அழைத்துப் பாருங்கள். கேமரா திறக்கும்போது நிற்கிறதா? பத்துப் படம் எடுங்கள். நீங்கள் இறக்கிய ஒரு விளையாட்டுக்குள் மட்டும்தான் ஹேங் வருகிறது, வேறெங்கும் இல்லை என்றால் சேஃப் மோடே வேண்டாம். அந்த விளையாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காலையில்தான் அதிகமாக ஹேங் ஆகிறது. இது குளிராலா?

இருக்கலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லின் மேல் உறைபனி படிகிறது. பெரும்பாலான போன்கள் பூஜ்யம் முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. குளிரில் பேட்டரிக்குள் மின்சாரம் தடைபட்டு நடப்பதால், முப்பது விழுக்காடு சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும் பழைய போன் திடீரென்று அணைந்துவிடும். திரை சாதாரண எல்.சி.டி. வகையாக இருந்தால் படம் மெதுவாக நகர்ந்து இழுபடுவது போலத் தோன்றும். இவற்றைச் செயலி செய்வதில்லை.

அதிகாலையில் வழக்கமான நிலையில் ஹேங் ஆனதைப் பார்த்துவிட்டு, நண்பகல் வெயிலில் சேஃப் மோடில் சோதித்தால், நீங்கள் ஒப்பிட்டது செயலிகளை அல்ல, காலையையும் மதியத்தையும். இரண்டு சோதனையும் ஒரே வேளையில், போன் ஒரே இடத்தில் இருக்கும்போது நடக்கட்டும். ஸ்வெட்டரின் உள்பையில் கால் மணி நேரம் வைத்திருந்து உடல் சூட்டில் மிதமான பிறகும் ஹேங் ஆனால் குளிரைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம்.

சேஃப் மோடில் ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை. எந்தச் செயலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சேஃப் மோட் பெயர் சொல்லாது. "நீங்கள் இறக்கியவற்றில் ஒன்று" என்பதோடு அது நின்றுவிடும். மிச்சம் நாம் செய்ய வேண்டிய வேலை. ஒரே நாளில் பத்துச் செயலிகளை நீக்கினால் போன் சரியாகும், ஆனால் எது என்று தெரியாது. மறுபடி இறக்கும்போது அதே வம்பு வரும். ஆகவே வழக்கமான நிலைக்குத் திரும்பி, ஒன்றை நீக்குவது, போனை அணைத்து இயக்குவது, கவனிப்பது, பிறகே அடுத்ததைத் தொடுவது என்ற ஒழுங்கில் போக வேண்டும்.

எங்கள் கடைக்கு வந்த ஒரு போனைச் சொன்னால் இது விளங்கும். பக்கத்து ஹட்டியிலிருந்து சிறு தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். பச்சைத் தேயிலை எடுக்கிற ஏஜென்ட்டிடமிருந்து அழைப்பு வரும்போதெல்லாம் திரை அப்படியே நின்றுவிடுகிறது, மணி மட்டும் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை என்றார். மூன்று ஜிபி ரேம் உள்ள, நான்கு ஆண்டு பழகிய போன். ஒரு நாள் எண்ணச் சொன்னேன். ஆறு முறை நின்றிருந்தது; ஒவ்வொரு முறையும் இருபது விநாடிக்குக் குறையாமல். ஆறும் அழைப்பு வந்தபோதோ, அழைத்தபோதோதான். மறுநாள் அதே போலச் சேஃப் மோடில் வைத்து, விமானப் பயன்முறையை அணைத்துக் கொடுத்தனுப்பினேன். மாலை வந்து, "தம்பி, இருபது போனுக்கு மேல் பேசிவிட்டேன், ஒன்றுகூட நிற்கவில்லை" என்றார்.

அவர் இறக்கிய செயலிகள் முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றாக நீக்கினால் மாதம் முடிந்துவிடும். எனவே அவற்றில் அதிக அதிகாரம் வாங்கி வைத்திருப்பவற்றை முதலில் பார்த்தேன். அமைப்புகளில் "Accessibility" பக்கத்தில், இறக்கிய செயலிகளில் எவை இயங்க அனுமதிக்கப்பட்டுள்ளன என்பது தெரியும். அந்த அனுமதி பெற்ற செயலி நாம் திரையில் செய்யும் எல்லாவற்றையும் கவனிக்கவும் குறுக்கிடவும் முடியும். "Special app access" என்பதற்குள் "Display over other apps" என்ற பக்கத்தில், மற்றச் செயலிகளின் மேல் தன் சாளரத்தை வரைய அனுமதி பெற்றவை இருக்கும். சாம்சங்கில் இதற்குப் பெயர் "Appear on top". திரை மொத்தமும் நிற்கும் ஹேங்குகளில் இந்த இரண்டு பட்டியலிலும் இருப்பவர்களையே நான் முதலில் விசாரிப்பது வழக்கம்.

அவர் போனில் முதல் பட்டியலில் போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஒரு செயலி இருந்தது. எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். நீக்கி, இயக்கி, அனுப்பினேன். மறுநாளும் ஐந்து முறை நின்றது. என் ஊகம் தவறு. இரண்டாவது பட்டியலில், அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் செயலி ஒன்று இருந்தது. "அது இரண்டு வருடமாக இருக்கிறதே தம்பி, அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே" என்றார் அவர். நியாயமான கேள்விதான். ஆனால் பிளே ஸ்டோரில் செயலிகளை "Recently updated" என்று வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அது சமீபத்தில்தான் தானாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இறக்கியது எப்போது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கடைசியாக எப்போது மாறியது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதை நீக்கியதும் மூன்று நாள் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவருக்கு அந்தச் செயலி தேவைப்பட்டதால் மறுபடி இறக்கி, மேலே வரையும் அனுமதியைக் கொடுக்காமல் விட்டேன், அப்போதும் நிற்கவில்லை. அனுமதியைக் கொடுத்த அன்று மாலையே பழையபடி நின்றது. அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டோம். நீக்கியதும் போவது, திரும்ப வைத்ததும் வருவது என்ற இரண்டும் நடந்தால்தான் எனக்கு மனம் ஒப்பும்.

வாட்ஸாப் போன்றவற்றை நீக்கிப் பார்க்கும் கட்டாயம் வந்தால், முதலில் காப்பு எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிச் செயலிகளை நீக்கினால் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருக்கும். இத்தகையவற்றுக்கு "Force stop" கொடுத்துவிட்டு, சோதனை முடியும் வரை திறக்காமல் இருப்பது ஒரு தற்காலிக மாற்று. ஆனால் நீக்குவது அளவுக்கு அது உறுதியல்ல. சில செயலிகள் பிற்பாடு மறுபடி எழுந்துவிடக்கூடும்.

"இந்தச் செயலி பதிலளிக்கவில்லை" என்று போனே ஒரு பெயரைக் காட்டுகிறது. அதை நீக்கினால் போதாதா?

அந்த அறிவிப்பு ஒரு துப்பு, தீர்ப்பு அல்ல. நீங்கள் தொட்டு ஐந்து விநாடி வரை ஒரு செயலி பதில் தராவிட்டால் ஆண்ட்ராய்டு அதன் பெயரைச் சொல்லி, மூடவா, காத்திருக்கவா என்று கேட்கும். ஆனால் பின்னால் ஓடும் வேறொரு செயலி போனின் நினைவகத்தை எல்லாம் தின்றுகொண்டிருந்தாலும், அந்த நேரத்தில் உங்கள் கண்முன் இருந்த அப்பாவிச் செயலியின் பெயர்தான் திரையில் வரும். ஒவ்வொரு முறையும் ஒரே பெயர் வந்தால் அதை முதல் சந்தேகமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயர் வந்தாலோ, "System UI" என்று வந்தாலோ பெயரை விட்டுவிட்டுச் சேஃப் மோடுக்கே போங்கள்.

எந்தச் செயலியை நீக்கினாலும் கொஞ்சம் சரியாகிறது. ஒன்று என்று சொல்ல முடியவில்லை. ஏன்?

ரேம் குறைந்த போன்களில் இது நடக்கும். சேஃப் மோடில் முப்பது நாற்பது செயலிகள் ஒரே நேரத்தில் விலகிவிடுவதால் நினைவகம் தாராளமாகக் கிடைக்கிறது. ஹேங் நின்றது கெட்ட செயலி ஒன்று விலகியதால் அல்ல, கூட்டம் குறைந்ததால். இரண்டு ஜிபி ரேம் உள்ள போனில் பத்து நல்ல செயலிகள் சேர்ந்தும் ஹேங்கை உண்டாக்கும். எதை நீக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும், எதைத் திரும்ப வைத்தாலும் கொஞ்சம் கூடுவதும் இதன் அடையாளம். இங்கே குற்றவாளியைத் தேடுவதில் பயனில்லை. தேவையில்லாதவற்றை நீக்கிக் கூட்டத்தைக் குறைப்பதுதான் வழி.

சேமிப்பிடத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் காலியிருந்தால் போன் தடுமாறத் தொடங்கும். 32 ஜிபி போனில் மூன்று ஜிபி காலியாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சேஃப் மோடிலும் அப்படியே ஹேங் ஆகிறது. அப்படியானால் செயலிகள் மேல் குற்றமில்லையா?

நீங்கள் இறக்கிய செயலிகள் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. போனோடு வந்தவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவை சேஃப் மோடிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பெட்டியைப் பிரிக்கும்போதே உள்ளே இருந்த விளையாட்டு, செய்தி, கடைச் செயலிகளில் பலவும் இதில் அடங்கும். அவையும் இணையம் வழியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அந்தப் புதுப்பிப்பில் பிழை இருந்தால் சேஃப் மோடால் அதை விலக்க முடியாது. 2021 மார்ச் மாதம் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற உள்ளமைந்த பகுதியின் புதுப்பிப்பு ஒன்றில் வந்த பிழையால், உலகம் முழுவதும் பல போன்களில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. அந்தப் பகுதி போனோடு வருவது. அன்று பலருக்குக் கைகொடுத்தது அந்தப் புதுப்பிப்பை நீக்கியதுதான்.

அப்படிப்பட்ட சந்தேகம் இருந்தால் அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் "Uninstall updates" என்று வரும். பயன்படுத்தாத செயலியாக இருந்தால் "Disable" கொடுத்துவிடலாம். அதற்கும் ஹேங் நிற்காவிட்டால் மெமரி கார்டைக் கழற்றி ஒரு நாள் பாருங்கள். பழுதான கார்டைப் படிக்க முயன்று நிற்கும் போன்களும் உண்டு. இவை எல்லாம் தாண்டியும் தொடர்ந்தால், புகைப்படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு ரீசெட் செய்யலாம். ரீசெட் செய்து, ஒரு செயலிகூட இறக்காத நிலையிலேயே ஹேங் ஆனால் அது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையிலோ பேட்டரியிலோ உள்ள கோளாறாக இருக்கலாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடித்தேன், நீக்க முடியவில்லை. நீக்கும் பட்டனே மங்கியிருக்கிறது.

அந்தச் செயலி போனின் நிர்வாகி அதிகாரத்தை வாங்கி வைத்திருக்கக்கூடும். அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதியில் "Device admin apps" என்று தேடி, அங்கே அதன் பெயருக்கு நேரே உள்ள அனுமதியை முதலில் எடுத்துவிட்டால் நீக்கும் பட்டன் உயிர் பெறும். வழக்கமான நிலையில் அந்தப் பக்கத்தைத் திறந்ததுமே செயலி குறுக்கே வந்து மூடிவிடுகிறது என்றால், சேஃப் மோடில் செய்யுங்கள். அங்கே அது ஓடாததால் தடுக்க முடியாது. பிளே ஸ்டோருக்கு வெளியே, யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து இறக்கிய செயலி இப்படி அடம்பிடித்தால், நீக்கிய கையோடு வங்கிக் கணக்கின் கடவுச்சொற்களையும் வேறொரு போனிலிருந்து மாற்றிவிடுங்கள்.

சேஃப் மோடிலிருந்து வெளியே வர முடியவில்லை. எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதிலேயே வருகிறது.

சாதாரணமாக ஒருமுறை அணைத்து இயக்கினாலே வெளியே வந்துவிடும். மீண்டும் மீண்டும் அதற்குள்ளேயே போனால், ஒலியைக் குறைக்கும் பட்டன் அழுந்திய நிலையிலேயே இருக்கிறது என்று பொருள். போன் தொடங்கும்போது அந்தப் பட்டன் அழுந்தியிருப்பதைப் பார்த்து, நீங்களே சேஃப் மோடைக் கேட்பதாக அது எடுத்துக்கொள்கிறது. கவரைக் கழற்றிவிட்டு இயக்கிப் பாருங்கள். இறுக்கமான ரப்பர் கவரே பல நேரம் பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும். கவர் இல்லாமலும் அப்படியே இருந்தால் பட்டன் ஓரத்தில் தூசியோ ஈரமோ சேர்ந்திருக்கும். தேயிலைத் தூள் படிந்து பட்டன் மேலெழாமல் இருந்த போன்களை நான் திறந்து துடைத்திருக்கிறேன். மெல்லிய உலர்ந்த தூரிகையால் ஓரத்தைத் தட்டிவிட்டு, பட்டனைப் பலமுறை அழுத்தி விட்டுப் பாருங்கள். அதன் பிறகும் மேலெழாத பட்டனை மாற்ற வேண்டும்.

ஐபோனில் இதை எப்படிச் செய்வது?

ஐபோனில் பயனர் போட்டுக்கொள்ளும்படி இத்தகைய சேஃப் மோட் இல்லை. அங்கே போனை அணைத்து இயக்குவது, புதுப்பிப்புகளைப் போடுவது, சந்தேகப்படும் செயலியை நீக்கிப் பார்ப்பது ஆகியவைதான் உண்டு. ஒரு நாள் எண்ணி வைத்துக்கொள்வது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீக்குவது என்ற இரண்டு வழக்கங்களும் அங்கேயும் அப்படியே செல்லும்.